கனமான ஆய்வுக்கட்டுரையிலிருந்து தெளிவான மாநாட்டு உரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டுரையில் தலைப்புகள் இருக்கிற வரிசையிலேயே உரைச்சட்டகத்தையும் போட்டுவிடலாமா?

வேண்டாம். ஆய்வுக்கட்டுரையின் வரிசை சரிபார்ப்பவருக்காக அமைந்தது. முன்னுரை, எடுகோள்கள், முறை, முடிவுகள், விவாதம் என்று அது செல்வதற்குக் காரணம், துறை அறிந்த ஒருவர் ஒவ்வொரு படியையும் தனித்தனியே சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான். அவர் ஐயம் வந்தால் இரண்டு பக்கம் பின்னே புரட்டிப் பார்த்துக்கொள்வார். அரங்கில் அமர்ந்திருப்பவரால் புரட்ட முடியாது. எதற்காக ஓர் எடுகோளைக் கேட்கிறோம் என்று தெரியாமலே முதல் ஐந்து நிமிடம் எடுகோள்களைக் கேட்டவர், முடிவு வரும்போது அந்த எடுகோள்களை மறந்திருப்பார்.

பொதுவாகச் சொன்னால் இது விளங்காது என்பதால் இந்தப் பக்கம் முழுவதற்கும் ஒரே கட்டுரையை எடுத்துக்கொள்கிறேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் செய்த ஆய்வு 1963-இல் மூலக்கூறு உயிரியலுக்கான பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. ஐந்தே பக்கங்கள். உலகெங்கும் உயிர்வேதியியல் பாடநூல்களில் இடம்பெறும் ‘ராமச்சந்திரன் வரைபடம்’ அதிலிருந்து வந்தது. கிண்டியிலோ சேப்பாக்கத்திலோ ஓர் அரங்கில், பள்ளி ஆசிரியர்கள், பொறியாளர்கள், மருத்துவர்கள், வங்கி ஊழியர்கள் கலந்த கூட்டத்துக்கு, இந்தக் கட்டுரையைப் பற்றிப் பன்னிரண்டு நிமிடம் பேசி மூன்று நிமிடம் கேள்விகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

அப்படியானால் முதலில் எதை எழுத வேண்டும்?

ஒரே ஒரு வாக்கியத்தை எழுத வேண்டும். அந்த வாக்கியத்தில் எழுவாயும் வினையும் காரணமும் இருக்க வேண்டும். ‘புரதங்களின் முப்பரிமாண அமைப்பு பற்றிய ஆய்வு’ என்பது வாக்கியம் ஆகாது, அது தலைப்பு. தலைப்பிலிருந்து சட்டகம் பிறக்காது, ஏனென்றால் எதைச் சேர்க்கலாம், எதை விடலாம் என்பதைத் தலைப்பு சொல்வதில்லை. அந்தத் தலைப்பின் கீழ் எதையும் சேர்க்கலாம்.

நம் கட்டுரைக்கு நான் எழுதும் வாக்கியம் இது: ‘அணுக்கள் ஓர் அளவுக்கு மேல் ஒன்றையொன்று நெருங்க முடியாது என்ற ஒரே காரணத்தால், புரதச் சங்கிலி மடியக்கூடியவையாகத் தோன்றும் வழிகளில் பெரும்பாலானவை நடக்கவே முடியாதவை ஆகிவிடுகின்றன.’ இதை எழுதியவுடன் உரையின் எலும்புக்கூடு தெரிந்துவிடும். சங்கிலி என்றால் என்ன, அது எங்கே மடிகிறது, எவ்வளவு நெருங்கினால் மோதல், மோதாமல் மிஞ்சுவது எவ்வளவு என்ற நான்கு கேள்விகளுக்குத்தான் நாம் விடை சொல்ல வேண்டும். கட்டுரையில் உள்ள வேறு எதுவும் இந்த நான்கில் ஒன்றுக்கு உதவினால் உள்ளே வரும். உதவாவிட்டால், அது எவ்வளவு அருமையான செய்தியாக இருந்தாலும், வெளியே நிற்கும்.

இந்த வாக்கியம் கட்டுரையின் சுருக்கத்தில் அப்படியே கிடைக்கும் என்று தேடாதீர்கள். சுருக்கம் துறையினருக்காக எழுதப்பட்டது. நான் பெரும்பாலும் படங்களையும் அவற்றின் கீழுள்ள குறிப்புகளையும் முதலில் படிக்கிறேன். பிறகு முன்னுரையின் கடைசிப் பத்தியை, பிறகு விவாதப் பகுதியை. எந்தப் படம் இல்லாவிட்டால் கட்டுரையே இல்லையோ, அந்தப் படத்தை வாயால் சொல்லிப் பார்த்தால் வாக்கியம் வந்துவிடும்.

பின்னணி வரலாற்றைச் சொல்லலாமா? கேட்பவர்களுக்கு அது பிடிக்குமே.

வரலாறு கேள்வியைப் பிறப்பிக்குமானால் சொல்லுங்கள். 1954, 1955 ஆண்டுகளில் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்துக்கு மூன்று இழைகள் முறுக்கிய வடிவத்தை முன்வைத்தார்கள். அந்த வடிவத்தில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்று, அதே புரதத்தின் அமைப்பை ஆராய்ந்த ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் குறை கூறினார்கள். அப்படியானால் அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்? இந்தக் கேள்விக்கு விடை காண, அதுவரை துல்லியமாக அளக்கப்பட்டிருந்த படிகங்களில் அணுக்களுக்கு இடையிலான தொலைவுகளைத் திரட்டிப் பார்த்ததிலிருந்துதான் 1963 கட்டுரை வளர்ந்தது.

இதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். சொன்னால் கேட்பவர் மனத்தில் நம் கேள்வி தானாகவே எழுந்து நிற்கும். ராமச்சந்திரன் எங்கே பிறந்தார், யாரிடம் படித்தார், என்னென்ன விருதுகள் பெற்றார் என்பவை மரியாதைக்குரிய செய்திகள்தான், ஆனால் இந்தப் பன்னிரண்டு நிமிடத்துக்குரியவை அல்ல. அவற்றை அறிமுகம் செய்பவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கட்டுரையில் உள்ள அட்டவணையை விடவும் மனமில்லை, காட்டவும் முடியவில்லை. என்ன செய்வது?

அட்டவணையிலிருந்து ஒரே ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, அதை முழுமையாக விளக்குங்கள். அந்தக் கட்டுரையின் உயிர்நாடியே அணு இணைகளுக்கான தொலைவு அட்டவணைதான். கார்பனுக்கும் கார்பனுக்கும், கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும், ஹைட்ரஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் என்று ஒவ்வோர் இணைக்கும் இரண்டு எண்கள் தரப்பட்டிருக்கும். ஒன்று, வழக்கமாக அனுமதிக்கக்கூடிய குறைந்தபட்சத் தொலைவு. மற்றொன்று, அரிதாக எட்டக்கூடிய கடைசி எல்லை. முழு அட்டவணையையும் திரையில் போட்டால் மக்கள் அதைப் படிக்க முயல்வார்கள். படிக்கும்போது உங்கள் பேச்சு காதில் விழாது.

நான் ஆக்சிஜன், ஹைட்ரஜன் இணையை எடுப்பேன். அதன் வழக்கமான எல்லை 2.4 ஆங்ஸ்ட்ரம், கடைசி எல்லை 2.2. ஓர் ஆங்ஸ்ட்ரம் என்பது மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு என்று ஒரு முறை சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு அலகை விட்டுவிட்டு ‘எல்லைக்கு மேல், எல்லைக்குக் கீழ்’ என்றே பேசலாம். இந்த இணையைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் உண்டு. வரைபடத்தின் நடுப்புள்ளி ஏன் தடைப்பட்டது என்பதை விளக்க இதே இணைதான் தேவைப்படும். சட்டகத்தில் ஓர் எண்ணைச் சேர்த்தால் அது பின்னால் எங்காவது வேலை செய்ய வேண்டும். வேலை செய்யாத எண் நினைவில் நிற்காது, நிற்க வேண்டிய தேவையும் இல்லை.

துறை தெரியாதவருக்கு இரண்டு கோணங்களை எப்படி விளக்குவது? என் உரையில் எல்லாரும் இங்கேதான் தொலைந்து போகிறார்கள்.

கோணத்தின் பெயரிலிருந்து தொடங்குவதால்தான் தொலைந்து போகிறார்கள். ஃபை, சை என்ற கிரேக்க எழுத்துகளை முதலில் சொன்னால், கேட்பவர் அவற்றை எதனோடு பொருத்துவது என்று தெரியாமல் திகைப்பார். பொருளை முதலில் கையில் காட்டுங்கள், அசைத்துக் காட்டுங்கள், பெயரைக் கடைசியில் சொல்லுங்கள்.

இரண்டு விசிட்டிங் கார்டுகளை எடுத்து, ஒன்றின் மூலையும் மற்றொன்றின் மூலையும் ஒட்டியிருக்குமாறு ஒரு துண்டு நூலால் கட்டிக்கொள்ளுங்கள். புரதச் சங்கிலியில் ஒவ்வொரு பெப்டைடு அலகும் இந்தக் கார்டைப் போல வளையாத தட்டையான தகடு என்றும், இரண்டு தகடுகள் சந்திக்கும் மூலையில் ஒரு கார்பன் அணு இருக்கிறது என்றும் சொல்லுங்கள். அந்தக் கார்பனை இந்தப் பக்கத்துக் கார்டோடு இணைக்கும் பிணைப்பை அச்சாகக் கொண்டு இந்தக் கார்டைச் சுழற்றலாம். அந்தப் பக்கத்துக் கார்டையும் தனியே சுழற்றலாம். இரண்டு சுழற்சிகள், அவ்வளவுதான். அரங்கில் எல்லாரும் கார்டுகள் சுழல்வதைப் பார்த்த பிறகு, ‘முதல் சுழற்சிக்கு ஃபை என்றும் இரண்டாவதற்குச் சை என்றும் பெயர்’ என்று சொன்னால் அந்தப் பெயர்கள் ஒட்டிக்கொள்ளும்.

இந்த இடத்தில் அளவு பற்றிய உணர்வையும் தந்துவிட வேண்டும். ஒவ்வொரு கார்டையும் 10 பாகை வீதம் திருப்பி நிறுத்தினால் ஒரு முழுச் சுற்றுக்கு 36 நிலைகள். இரண்டு கார்டுகளுக்கும் சேர்த்து 36 பெருக்கல் 36, அதாவது 1,296 நிலைகள். இது ஒரே ஒரு மூலைக்கு. ஒரு புரதத்தில் இத்தகைய மூலைகள் நூற்றுக்கணக்கில் இருக்கலாம் என்று சொன்னவுடன், ‘அப்படியானால் வழிகள் கணக்கில் அடங்காதே’ என்று கேட்பவரே நினைத்துக்கொள்வார்.

கார்டு காட்டும்போது ஒன்றை மறக்காமல் சொல்லிவிடுங்கள்: கார்டின் ஓரங்களில் அணுக்கள் துருத்திக்கொண்டு நிற்கின்றன, மோதுபவை அவைதான். ஓரங்களில் சிறிய வண்ணக் காகித உருண்டைகளை ஒட்டிவைத்தால், இரண்டு கார்டுகளையும் ஒரு குறிப்பிட்ட நிலைக்குத் திருப்பும்போது ஆக்சிஜன் உருண்டையும் ஹைட்ரஜன் உருண்டையும் இடித்துக்கொள்வது கடைசி வரிசைக்கும் தெரியும்.

கட்டுரையில் உள்ள படத்தை அப்படியே ஸ்லைடில் போடலாமா?

இந்தக் கட்டுரையைப் பொறுத்தவரை கூடாது. அக்காலத்தில் கோணத்தை எந்த நிலையிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள் என்பது வேறு. நீட்டி நிற்கும் சங்கிலியைச் சுழியமாகக் கொண்டார்கள். 1970-ஐ ஒட்டிப் பன்னாட்டு மரபு மாறியது. இன்று அதே நிலை 180 பாகை. பழைய படத்தை அப்படியே காட்டி, கையேட்டில் இன்றைய எண்களைக் கொடுத்தால், கவனமாகக் கேட்கும் ஒரு வேதியியல் ஆசிரியருக்கு இரண்டும் பொருந்தாது. அவருடைய ஐயம் நியாயமானது. எனவே இன்றைய முறையில், இரண்டு அச்சுகளும் கழித்தல் 180 முதல் கூட்டல் 180 வரை செல்லுமாறு, படத்தை நீங்களே வரைந்துகொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம், படத்தை ஒரேயடியாகக் காட்டாமல் இருப்பது. முடிந்த படம் துறையினருக்குக் கண்ணைப் பறிக்கும். மற்றவருக்கு அது திட்டுத்திட்டாகத் தெரியும் ஒரு சதுரம் மட்டுமே. முதல் ஸ்லைடில் வெறும் சதுரம் இருக்கட்டும். கிடைமட்டக் கோடு முதல் கார்டின் சுழற்சி, செங்குத்துக் கோடு இரண்டாவது கார்டின் சுழற்சி, ஆகவே இந்தச் சதுரத்தில் நீங்கள் எந்த இடத்தில் விரலை வைத்தாலும் அது கார்டுகளின் ஒரு நிலையைக் குறிக்கும் என்று சொல்லி நிறுத்துங்கள். இந்த ஒரு வாக்கியம் புரியாவிட்டால் பிறகு வருவது எதுவும் புரியாது என்பதால், இங்கே மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

அடுத்து ஒரே ஒரு புள்ளி. சதுரத்தின் நடுவில், இரண்டு கோணங்களும் சுழியமாக இருக்கும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியை வையுங்கள். அதே நேரத்தில் கையில் உள்ள கார்டுகளை அந்த நிலைக்குத் திருப்பி, ஒரு கார்டின் ஆக்சிஜனும் மறு கார்டின் ஹைட்ரஜனும் 2.2 என்ற கடைசி எல்லையையும் தாண்டி நெருங்கிவிடுவதைக் காட்டுங்கள். ஆகவே இந்தப் புள்ளி தடைப்பட்டது. இதே சோதனையைச் சதுரம் முழுவதும், எல்லா அணு இணைகளுக்கும் செய்தார்கள் என்று சொன்ன பிறகுதான் முழுப் படமும் வர வேண்டும். புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களில், மூலைக் கார்பனிலிருந்து பக்கவாட்டில் நீளும் அணுத்தொகுதி, அதாவது பக்கச்சங்கிலி, உள்ள ஒன்றுக்கு, கடைசி எல்லைவரை அனுமதித்தாலும், சதுரத்தில் கால் பங்குக்கும் குறைவான இடமே மிஞ்சுகிறது. சிவப்புப் புள்ளியைப் புரிந்துகொண்டவர் இந்தச் செய்தியின் கனத்தையும் உணர்வார்.

முழுச் சட்டகம் எப்படி இருக்கும் என்று ஒரு முறை காட்டுவீர்களா?

சட்டகத்தின் ஒவ்வொரு வரியும் முழு வாக்கியமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ‘பின்னணி’, ‘முறை’, ‘முடிவு’ என்று ஒற்றைச் சொற்களில் எழுதிய சட்டகத்தை மேடையில் பார்த்தால் அடுத்து என்ன சொல்வது என்று தெரியாது. நம் கட்டுரைக்கு அது இப்படி அமையும்.

முதல் நிமிடம்: கொலாஜன் வடிவத்தின் மீது எழுந்த குறை, அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்வியை எழுப்பியது.
அடுத்த 2 நிமிடம்: புரதம் என்பது வளையாத தகடுகள் மூலையோடு மூலை இணைந்த சங்கிலி.
அடுத்த 2 நிமிடம்: ஒவ்வொரு மூலையிலும் இரண்டு சுழற்சிகள் மட்டுமே உள்ளன, ஆனாலும் நிலைகள் ஆயிரக்கணக்கில் வருகின்றன.
அடுத்த 2 நிமிடம்: ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஓர் எல்லைக்குள் நெருங்க முடியாததால் சில நிலைகள் நடக்காதவை.
அடுத்த 3 நிமிடம்: இந்தச் சோதனையைச் சதுரம் முழுவதும் செய்தால் கால் பங்குக்கும் குறைவே மிஞ்சுகிறது, புரதங்களில் நாம் காணும் சுருளும் விரிப்பும் அந்த மிச்சத்துக்குள்ளேயே விழுகின்றன.
அடுத்த 1 நிமிடம்: பக்கச்சங்கிலி இல்லாத கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்கு மட்டும் இடம் அதிகம்.
கடைசி 1 நிமிடம்: இன்றும் புதிய புரத வடிவம் ஒன்று வெளியிடப்படும்போது, அதில் எத்தனை மூலைகள் தடைப்பட்ட இடத்தில் விழுகின்றன என்று பார்த்து அதன் தரத்தைச் சோதிக்கிறார்கள்.

ஐந்தாவது வரியில் வரும் சுருள் என்பது 1951-இல் பாலிங், கோரி, பிரான்சன் மூவரும் முன்வைத்த ஆல்ஃபா சுருள். ஃபை ஏறத்தாழ கழித்தல் 60, சை ஏறத்தாழ கழித்தல் 45 என்ற இடத்தில், சதுரத்தின் இடது கீழ்ப் பகுதியில், அது விழும். விரிப்பு என்பது நீட்டி நிற்கும் இழைகள் பக்கம் பக்கமாக இணைந்த பீட்டா விரிப்பு, அது இடது மேல் பகுதியில் விழும். இந்த எண்களை வாயால் சொல்ல வேண்டாம். புள்ளியைக் காட்டினால் போதும்.

வரிகளை மட்டும் தொடர்ச்சியாகப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ‘ஆகவே’ அல்லது ‘ஆனால்’ என்று போட்டால் பொருள் பொருந்த வேண்டும். ‘மேலும்’ என்பது மட்டுமே பொருந்துகிறது என்றால் அந்த வரி சங்கிலியில் சேரவில்லை. மேலே உள்ள ஏழில் ஆறாவது வரி அப்படிச் சற்றுத் தளர்வாகத்தான் நிற்கிறது. ஆனாலும் அதை வைத்திருக்கிறேன், ஏனென்றால் இடத்தைக் குறைப்பது மோதல்தான் என்பதற்கு அதுவே நேரடியான சான்று: மோதும் பகுதியை எடுத்துவிட்டால் இடம் பெருகுகிறது.

இவ்வளவு எளிமையாக்கினால் தவறாகிவிடாதா? என் வழிகாட்டி ஒவ்வொரு நிபந்தனையையும் சொல்லச் சொல்கிறார்.

உங்கள் வழிகாட்டியின் கவலை சரியானது, ஆனால் எல்லா நிபந்தனைகளும் ஒரே தரத்தவை அல்ல. ஒரு நிபந்தனையை விட்டுவிட்டால் கேட்பவர் பொய்யான ஒன்றை நம்பி வீட்டுக்குப் போவாரா என்று கேளுங்கள். போவார் என்றால் அது உரையில் கட்டாயம் வேண்டும். போகமாட்டார் என்றால் கேள்வி நேரத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கட்டுரையில் அணுக்கள் கெட்டியான உருண்டைகளாகக் கொள்ளப்படுகின்றன. எனவே வரைபடம் எது நடக்க முடியாது என்று சொல்கிறதே தவிர, நடக்கக்கூடியவற்றில் எதைச் சங்கிலி விரும்பும் என்று சொல்வதில்லை. இதை விட்டுவிட்டால், ராமச்சந்திரன் வரைபடத்தைக் கொண்டு ஒரு புரதம் எப்படி மடியும் என்று கணித்துவிடலாம் என்று மக்கள் நம்பிவிடுவார்கள், அது தவறு. ஆகவே ஐந்தாவது வரியிலேயே, படத்தைக் காட்டும்போதே, இதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். நடுக் கார்பனில் உள்ள பிணைப்புக் கோணத்தை மாறாத ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள், அது சிறிதளவு மாறினால் அனுமதிக்கப்பட்ட பகுதியின் விளிம்பும் நகரும் என்பது வேறு வகை நிபந்தனை. உண்மையான புரதங்களில் சில மூலைகள் விளிம்புக்கு வெளியே விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதைச் சொல்லாததால் யாரும் ஏமாறப்போவதில்லை. ஸ்லைடுகளின் கடைசிக்குப் பிறகு ஒரு கூடுதல் ஸ்லைடாக அதை வைத்துக்கொண்டால், கேட்டவுடன் திறந்து காட்டலாம்.

ஸ்லைடு ஆங்கிலத்தில், பேச்சு தமிழில் என்றால் பரவாயில்லையா?

சென்னையில் பெரும்பாலான அரங்குகளில் இது இயல்பாகவே நடக்கிறது, பரவாயில்லை. ஆனால் ஸ்லைடில் உள்ள சொல்லும் வாயில் வரும் சொல்லும் ஒன்றாக இருக்கட்டும். திரையில் ஆங்கிலப் பெயரும் பேச்சில் வேறொரு கலைச்சொல்லும் இருந்தால், இரண்டும் ஒன்றுதானா என்று கேட்பவர் யோசித்துக்கொண்டே இருப்பார். இந்த உரைக்குப் புரதம், அமினோ அமிலம், ஃபை, சை போன்ற சில சொற்களே போதும்.

சட்டகம் தெளிவாக இருக்கிறதா என்று உரைக்கு முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம் ஸ்லைடு இல்லாமல், கார்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஏழு வரிகளையும் ஐந்து நிமிடத்தில் சொல்லுங்கள். பிறகு ‘புரிந்ததா’ என்று கேட்காதீர்கள். மரியாதைக்காக எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். ‘எது எதோடு மோதுகிறது, மோதினால் என்ன ஆகிறது?’ என்று கேளுங்கள். ‘சங்கிலியைத் திருப்பும்போது பக்கத்து அணுக்கள் இடிக்கும், அதனால் அந்தப் பக்கம் திருப்ப முடியாது’ என்ற பொருளில் விடை வந்தால் சட்டகம் நிற்கிறது. ‘ராமச்சந்திரன் பெரிய விஞ்ஞானி, அவர் பெயரில் ஒரு படம் இருக்கிறது’ என்று விடை வந்தால், பெயர் போய்ச் சேர்ந்திருக்கிறது, காரணம் போய்ச் சேரவில்லை. அப்போது குறை பெரும்பாலும் நான்காவது வரியில் இருக்கும்: மோதலைக் காட்டாமல் சொல்லி மட்டும் விட்டிருப்பீர்கள்.

‘அந்தச் சதுரம் எதற்கு என்று தெரியவில்லை’ என்றால் குறை அச்சுகளை விளக்கிய இடத்தில் இருக்கிறது. கேட்பவர் இடையில் குறுக்கிட்டுக் கேட்கும் கேள்விக்கு உங்கள் அடுத்த வரியே விடையாக அமைந்தால், வரிசை சரி என்று கொள்ளலாம்.

நேரத்தையும் இப்போதே கடிகாரம் வைத்துப் பாருங்கள். தனியே படிப்பதைவிட மேடையில், கார்டுகளைச் சுழற்றி, நிறுத்தி, மறுபடி காட்டும்போது நேரம் கூடும். மிஞ்சினால் வெட்ட வேண்டியது முதல் நிமிடத்து வரலாற்றையும் ஆறாவது வரியையும்தான். சதுரத்துக்கு ஒதுக்கிய மூன்று நிமிடத்தில் கை வைக்காதீர்கள்.

கேள்வி நேரத்தில் துறை நிபுணர் ஒருவர் எழுந்து ஆற்றல் கணக்கு பற்றிக் கேட்டால்?

அவருக்கு விடை சொல்வதற்கு முன் கேள்வியை அரங்குக்கு ஒரு வாக்கியத்தில் விளக்குங்கள்: ‘மோதாத இடங்களுக்குள் சங்கிலி எந்த இடத்தை அதிகம் விரும்பும் என்று கேட்கிறார்.’ பிறகு, கெட்டி உருண்டை முறை அதற்கு விடை தராது, அணுக்களுக்கு இடையிலான ஈர்ப்பையும் விலக்கத்தையும் கணக்கிடும் முறைகள் பின்னர் வந்தன, அவற்றின் குறைந்த ஆற்றல் பகுதிகளும் பெருமளவு இதே இடங்களிலேயே அமைகின்றன என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு விவரம் வேண்டுமானால் உரைக்குப் பிறகு பேசலாம் என்று அடுத்த கேள்விக்குச் செல்லுங்கள். மூன்று நிமிடமும் அவர் ஒருவருக்கே போய்விட்டால், கிளைசினுக்கு மட்டும் ஏன் இடம் அதிகம் என்று கேட்க நினைத்திருந்த பள்ளி ஆசிரியர் கையைக் கீழே இறக்கிவிடுவார்.